எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம்: எதன் கசிவு?

கேள்வி: ஐயா, நான் பெரம்பூரில் வசிக்கிறேன். 2014-ஆம் ஆண்டின் டீசல் ஹேட்ச்பேக் கார் ஒன்றை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறேன். 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அண்ணா நகரில் உரிமையாளர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். எஞ்சினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தார். குனிந்து பார்த்தபோது எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஈரம் தெரிந்தது. "ஏசி தண்ணீர்தான்" என்கிறார் அவர். எனக்குத் தெரிந்த மெக்கானிக்கோ, "கிராங்க் சீல் போயிருக்கும், விட்டுவிடுங்கள்" என்கிறார். நானே எப்படிச் சோதித்துத் தெரிந்துகொள்வது?
– வாசகர், பெரம்பூர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

இருவர் சொன்னதையும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கழுவிய எஞ்சினின் அடியில் ஒரே ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, அந்த ஈரம் இன்னது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் போல்ட்டால் இணையும் அந்த இடத்தில், கியர்பாக்ஸின் பக்கம் மணி வடிவில் விரிந்திருக்கும் உறையைப் பெல் ஹவுசிங் என்கிறோம். கிளட்ச் அதற்குள்தான் இருக்கிறது. எஞ்சினின் மேலே எங்கே எண்ணெய் ஒழுகினாலும் அது வழிந்து வந்து நிற்கும் பள்ளங்களில் அந்த இணைப்பும் ஒன்று. உள்ளே ஒழுகும் எண்ணெய், பெல் ஹவுசிங்கின் அடியில் இருக்கும் துளை வழியாக வெளியேறுவதும் அங்கேதான். ஆகவே எளிதில் மாற்றக்கூடிய ஒரு பேக்கிங்கின் கசிவும், கிராங்க் ஷாஃப்டின் முனையில் எண்ணெயைத் தடுக்கும் கிராங்க் சீலைப் போல, கியர்பாக்ஸையே இறக்கி மாற்ற வேண்டிய ஒன்றின் கசிவும், வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே ஈரமாகத் தெரியும். பிரித்தறிய வேண்டியது இதைத்தான்.

ஏசி தண்ணீரை முதலில் தீர்த்துவிடலாம். சென்னையின் ஈரக்காற்றில் ஏசி ஓடும் கார் எதுவானாலும் அடியில் தண்ணீர் சொட்டத்தான் செய்யும். ஆனால் அந்தத் தண்ணீர் நிறமற்றது, வாடையற்றது, விரல்களுக்கிடையே வழுக்காது, காய்ந்தால் கறை வைக்காது. ஏசியை நிறுத்திவிட்டால் சற்று நேரத்தில் சொட்டுவதும் நின்றுவிடும். இரவு முழுவதும் நின்ற காரின் அடியில் காலையில் புதிதாக ஈரம் இருந்தால் அது ஏசி தண்ணீராக இருக்க வழியில்லை. இதற்கு ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தால் போதும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

எஞ்சினைக் கழுவியதை மட்டும் வைத்து உரிமையாளரைக் குற்றம் சொல்ல மாட்டேன். விற்கும் காரைக் கழுவி வைப்பது நம் ஊரில் வழக்கம்தான். ஆனால் கழுவியதில் நமக்கு வேண்டிய தடயம் போய்விட்டது. பழைய கசிவு இருக்கும் இடத்தில் எண்ணெயும் தெருப்புழுதியும் சேர்ந்து தார் போல அப்பியிருக்கும். அந்த அப்பலின் தடிமனே அந்தக் கசிவின் வயதைச் சொல்லும். அது கழுவப்பட்டுவிட்டதால், கசிவு தன்னைத் திரும்பவும் காட்டும் வரை காரை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, எண்ணெய் இளகி, அழுத்தத்தோடு சுற்றி வந்த பிறகுதான் சீல்களின் உண்மை நிலை தெரியும். அண்ணா நகரிலிருந்து மதுரவாயல் பைபாஸில் ஏறிப் பெருங்களத்தூர் வரை போய்த் திரும்பினால் தாராளமாகப் போதும். சனிக்கிழமை மாலை உரிமையாளரையும் உடன் வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். திரும்பியதும் அவர் வீட்டிலேயே, சமதளமான தரையில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கீழே பிரித்த அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அட்டையில் பேனாவால் குறித்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சினை யாரும் இயக்குவதற்கு முன் போய்விட வேண்டும். சொட்டு விழுந்த இடம் சக்கரக் குறியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தால், மேலே எந்தப் பகுதியைத் தேட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

அட்டையில் சொட்டு இல்லையென்றால் கசிவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இக்காலக் கார்களில் பலவற்றுக்கு எஞ்சினின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். ஒழுகும் எண்ணெய் அதில் தேங்கி நிற்கும்; தரைக்கு வருவதற்குச் சில நாட்கள் கூட ஆகும். அந்தத் தட்டைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்ப்பது, அட்டையைப் பார்ப்பதைவிட நம்பகமானது. பெரும்பாலும் சில போல்ட்டுகளும் கிளிப்புகளும்தான். உரிமையாளர் சம்மதித்தால் பத்து நிமிட வேலை.

இனி தேடும் முறை. எண்ணெய் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னோக்கியும் விசிறும். ஆகையால் ஈரம் மிகுதியாக இருக்கும் இடம் பெரும்பாலும் கசிவின் மூலமாக இருப்பதில்லை. ஈரமான பகுதிகளிலேயே எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ, அதுதான் நாம் தேடும் இடம். இதனால்தான் நான் எந்தக் காரையும் அடியிலிருந்து பார்க்கத் தொடங்குவதில்லை. முதலில் பானெட்டைத் திறந்து, நல்ல டார்ச் ஒன்றையும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சிறு கண்ணாடி ஒன்றையும் கொண்டு மேலிருந்து இறங்குவேன்.

உங்கள் காரைப் போன்ற முன்சக்கர இயக்க ஹேட்ச்பேக்கில் எஞ்சின் குறுக்குவாட்டில் அமர்ந்திருக்கும். கியர்பாக்ஸ் அதன் ஒரு பக்கத்தில் ஒட்டியிருக்கும். எஞ்சினின் உச்சியில் உள்ள டேப்பட் கவரைச் சுற்றி ஒரு ரப்பர் பேக்கிங் உண்டு. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது கட்டிதட்டிப் போனால், கவரின் விளிம்பில் எண்ணெய் கசியும். முன்பக்கம் கசிந்தால் யார் கண்ணிலும் பட்டுவிடும். பின்பக்கம், அதிலும் கியர்பாக்ஸை ஒட்டிய மூலையில் கசிந்தால், டேஷ்போர்டுக்கு முன்னால் இருக்கும் இரும்புச் சுவரின் பக்கமாக யாருக்கும் தெரியாமல் வழிந்து இறங்கி, பெல் ஹவுசிங்கின் தோளில் ஏறி, இணைப்பின் பள்ளத்தோடு சுற்றி, அடியில் வந்து சொட்டாக நிற்கும். அங்கே பார்ப்பவர்கள் எல்லோரும் கிராங்க் சீல் என்றுதான் சொல்வார்கள்.

நானும் ஒருமுறை அப்படிச் சொல்லியிருப்பேன். சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு டீசல் காருக்கு, வேறொரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கிக் கிராங்க் சீலை மாற்றி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, கசிவு திரும்பிவிட்டது. புதிய சீலை ஒழுங்காகப் பொருத்தவில்லை என்று எழுதிக் கொடுக்கும்படி உரிமையாளர் கேட்டார். அடியில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு, அந்தப் பகுதி முழுவதையும் மண்ணெண்ணெயால் துடைத்துக் காயவைத்து, முகத்துக்குப் பூசும் சாதாரண டால்கம் பவுடரை டேப்பட் கவரின் விளிம்பிலிருந்து பெல் ஹவுசிங்கின் அடி வரை மெல்லியதாகத் தூவிவிட்டு, எஞ்சினை இருபது நிமிடம் ஓடவிட்டேன். வெள்ளைப் பவுடரில் டேப்பட் கவரின் பின்மூலையிலிருந்து விரல் அகலத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இறங்கியிருந்தது. பெல் ஹவுசிங்கின் அடித்துளையைச் சுற்றித் தூவிய பவுடர் மாவு போல உலர்ந்தே இருந்தது. டேப்பட் கவர் பேக்கிங்கை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது. அதற்கு முன் கியர்பாக்ஸை இறக்கிய செலவு வீண்.

உங்கள் காரிலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்த இணைப்பின் மேல்பாதி ஈரமாக இருக்கிறதா, உலர்ந்திருக்கிறதா? மேல்பாதியும் ஈரமாக இருந்து, அந்த ஈரம் டேப்பட் கவர் வரையோ, இடையில் இருக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் அல்லது ஆயில் ஃபில்டர் வரையோ தொடர்ந்து போனால், கசிவு வெளியே இருக்கிறது, வேலை சிறியது. டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாய்களின் இணைப்பில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு தெரிந்தால் அதற்காகப் பதற வேண்டாம், டீசல் எஞ்சின்களில் அது சகஜம். மேல்பாதி முழுவதும் உலர்ந்து, அடித்துளையில் மட்டும் ஈரம் இருந்தால்தான் கசிவு பெல் ஹவுசிங்குக்கு உள்ளே இருக்கிறது என்று பொருள்.

அடிப்பகுதியைப் பார்க்க ஜாக்கி போட்டுத் தூக்கி உள்ளே படுக்காதீர்கள். ஜாக்கி நழுவினால் உயிருக்கு ஆபத்து. அருகிலுள்ள வாட்டர் வாஷ் கடையில் ஹைட்ராலிக் லிஃப்ட் இருக்கும். தண்ணீர் அடிக்காமல் காரை மட்டும் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்டால், சிறு தொகை வாங்கிக்கொண்டு செய்து தருவார்கள். வெள்ளை டிஷ்யூ காகிதம் சிலவற்றையும், ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீரையும் எடுத்துச் செல்லுங்கள்.

உள்ளே ஒழுகுவதாகத் தெரிந்தால், அங்கிருந்து வரக்கூடியவை மூன்று. முதலாவது, கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் ஆயில் சீல் வழியாக வரும் எஞ்சின் ஆயில். இரண்டாவது, கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்டைச் சுற்றியுள்ள சீல் வழியாக வரும் கியர் ஆயில். மூன்றாவது, சில கார்களில் கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருப்பதால், அதிலிருந்து ஒழுகும் பிரேக் ஆயில். அடித்துளையில் தொங்கும் சொட்டை டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். டீசல் எஞ்சின் ஆயில், மாற்றிச் சில நூறு கிலோமீட்டருக்குள்ளேயே மை போலக் கறுத்துவிடும். காகிதத்தில் கறுப்பு வட்டமாகப் பரவும். கியர் ஆயில் பழுப்பாகவோ தேன் நிறமாகவோ இருக்கும். நாளாகிவிட்டால் அதுவும் கறுக்கும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பாமல் முகர்ந்து பாருங்கள். அதில் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு தனி நெடி உண்டு; ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பிரேக் ஆயில் தண்ணீர் போல இளகியிருக்கும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் டம்ளர்: தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும், பிரேக் ஆயில் கரைந்து கலந்துவிடும்.

இம்மூன்றில் எதுவானாலும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். சீலின் விலையைவிடக் கூலி பன்மடங்கு ஆகும். ஒன்றை மட்டும் இதோடு சேர்த்துப் பாருங்கள். உள்ளே ஒழுகும் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் பட்டிருந்தால் கிளட்ச் வழுக்கும். கோயம்பேடு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நான்காவது கியரில் மெதுவாக வந்து, ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சினின் சத்தமும் ஆர்பிஎம் முள்ளும் எகிறி, காரின் வேகம் கூடாமல் இருந்தால், கிளட்ச் செட்டையும் அந்தச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 96,000 கிலோமீட்டர் ஓடிய காரில் கியர்பாக்ஸை ஒருமுறை இறக்கிவிட்டால், வழுக்காவிட்டாலும் பிளேட்டின் தேய்மானத்தைப் பார்த்து அதையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

லிஃப்டில் இருக்கும்போதே கியர்பாக்ஸின் இருபுறமும் ஆக்ஸில் ஷாஃப்ட் நுழையும் இடங்களைப் பாருங்கள். அங்குள்ள சீல் கசிந்தால் கியர்பாக்ஸின் உடம்பில் எண்ணெய் வழிந்திருக்கும். சக்கரத்தின் உள்பக்கத்திலும் அதைச் சுற்றிலும் கறுப்புப் பசை வட்டமாகத் தெறித்திருந்தால், அது கியர் ஆயில் இல்லை, ஆக்ஸிலின் ரப்பர் பூட் கிழிந்து சுழற்சியில் தெறித்த கிரீஸ். விரலில் எடுத்தால் ஒழுகாமல் ஒட்டிக்கொள்ளும். கியர்பாக்ஸின் பக்கவாட்டில் எண்ணெய் நிரப்பும் பிளக் ஒன்று இருக்கும். கார் சமமாக நிற்கும்போது அதைக் கழற்றினால், பெரும்பாலான கார்களில் துளையின் கீழ்விளிம்பு வரை எண்ணெய் நிற்க வேண்டும். உரிமையாளர் அனுமதித்தால் மெக்கானிக்கைக் கொண்டு இதைத் திறந்து பார்க்கச் செய்யுங்கள். 2014-ஆம் ஆண்டின் கார் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்: 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் அது பார்த்திருக்கிறது. சூடான கியர்பாக்ஸ் வெள்ளத்தில் இறங்கிச் சட்டென்று குளிரும்போது, மேலே காற்று போக வைத்திருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகு எண்ணெய் மாற்றப்படாமலே இருந்தால், பிளக்கைத் திறந்ததும் பால் கலந்த காபியின் நிறத்தில் வரும். அப்படி வந்தால் கசிவைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

கூலன்ட் விஷயத்தில் ஈரத்தைவிடக் காய்ந்த தடத்தைத் தேடுங்கள். சூடான உலோகத்தில் கசியும் கூலன்ட் உடனே ஆவியாகிவிடும். பின்னால் வெள்ளையாகவோ பச்சையாகவோ ரோஸ் நிறத்திலோ உப்புப் பூத்தது போன்ற ஒரு பொருக்கு மட்டும் நிற்கும். ரேடியேட்டரின் அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் மடிப்பு, ஹோஸ் கிளாம்ப்புகளின் கீழ்ப்பக்கம், வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை ஆகிய மூன்று இடங்களிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். பம்பின் உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் வெளியேறட்டும் என்றே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நிறத்தடம் இறங்கியிருந்தால் பம்பை மாற்றும் நாள் வந்துவிட்டது. கூலன்ட்டின் வாடை லேசாக இனிக்கும். நச்சு என்பதால் நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமை மாலை ஓட்டுவதற்கு முன், எஞ்சின் ஆறியிருக்கும்போது ரிசர்வாயரின் மட்டத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். ஞாயிறு காலை, அதே போல ஆறிய நிலையில் ஒப்பிட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்து வெளியே எங்கும் தடம் இல்லையென்றால், எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் இடையில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டின் மீது சந்தேகப்பட வேண்டும். இரவெல்லாம் ஆறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் காற்றடைத்த டியூப் போல விறைத்திருப்பதும் அதற்கு இன்னோர் அடையாளம். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. டேப்பட் கவர், கிராங்க் சீல், டிப்ஸ்டிக் குழாய் என்று பல இடங்களில் ஒரே சமயத்தில் எண்ணெய் கசிந்தால், எல்லா சீல்களும் ஒன்றாக வயதாகிவிட்டன என்று எண்ணுவதற்கு முன் எஞ்சினின் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிஸ்டன்களைத் தாண்டி கீழே இறங்கும் வாயு அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியேற வேண்டும்; அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பலவீனமான இடங்களிலெல்லாம் எண்ணெயைத் தள்ளும். அடைப்பை எடுக்காமல் சீல்களை மட்டும் மாற்றினால் அவை மறுபடியும் ஒழுகும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தளர்த்தித் துளையின் மேல் தலைகீழாக வைத்துப் பாருங்கள். டீசலில் லேசாகப் புகைவது இயல்பு. மூடி துள்ளித் துள்ளிக் குதித்தால், ஒன்று பிரீதர் அடைத்திருக்கிறது, அல்லது பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கின்றன. பிரீதரைச் சுத்தம் செய்த பிறகும் குதித்தால் அது ரிங் வேலை. அந்தக் காரை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

கசிவு டேப்பட் கவர் பேக்கிங்கோடு முடிந்தால் தயங்காமல் வாங்குங்கள். பேக்கிங்கை மாற்றித் தரும்படி உரிமையாளரையே கேட்கலாம். கிராங்க் சீல்தான் என்று பவுடரும் டிஷ்யூவும் சேர்ந்து சொன்னாலும், உங்கள் மெக்கானிக் சொல்வது போல விட்டுவிட வேண்டும் என்பதில்லை. எஞ்சினும் கியரும் நன்றாக இருந்தால், கியர்பாக்ஸ் இறக்கும் கூலி, சீல், கிளட்ச் செட் ஆகிய மூன்றுக்கும் ஒரு பட்டறையில் எழுத்துமூலம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அந்த மதிப்பீட்டோடு அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கறுப்புச் சொட்டு விழுந்த அட்டை எதிரில் இருக்கும்போது, ஏசி தண்ணீர் என்ற பேச்சு திரும்ப எழாது.